இராமேச்சுரப் பதிகங்களைத் தேடும் முறை: திருமுறை எண்களின் அமைப்பு

இராமேசுவரம் இராமநாதசுவாமி திருக்கோயிலுக்குத் தேவாரத்தில் மூன்று பதிகங்கள் உள்ளன. இரண்டு திருஞானசம்பந்தர் அருளியவை. ஒன்று திருநாவுக்கரசர் அருளியது. இன்றைய பதிப்புகளும் உரைநூல்களும் இவற்றை 3.10, 3.101, 4.61 என்னும் எண்களால் குறிக்கின்றன. ஒரே தலத்தைப் பற்றி ஒரே அருளாளர் பாடிய இரண்டு பதிகங்கள் ஒரே திருமுறைக்குள் தொண்ணூறு பதிகங்கள் தள்ளி நிற்பதும், மூன்றாவது பதிகம் வேறொரு திருமுறையில் நேரிசைப் பாடல்களுக்கு நடுவே அமர்ந்திருப்பதும் ஏன் என்று விளங்கிவிட்டால், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தேவாரப் பாடல்களுள் எதையும் பிறர் துணையின்றித் தேடி எடுக்க ஒருவருக்கு இயலும். இச்சொற்பொழிவு அந்த அமைப்பை இராமநாதபுரக் கடற்கரையின் தலங்களை முன்வைத்து விளக்க முற்படுகிறது.

முதலில் எண்ணைப் படிக்கும் முறை. 3.10.6 என்று ஒரு குறிப்பு இருந்தால், முதல் எண் திருமுறையையும், இரண்டாவது எண் அத்திருமுறைக்குள் பதிகத்தையும், மூன்றாவது எண் அப்பதிகத்துக்குள் பாடலையும் குறிக்கும். திருமுறை என்பது சைவர் போற்றும் பன்னிரண்டு தொகுதிகளுள் ஒன்று. பதிகம் என்பது பெரும்பாலும் ஒரு தலத்து இறைவனை நோக்கி ஒரே யாப்பில் பாடப்பெற்ற பத்து அல்லது பதினொரு பாடல்களின் தொகுதி. ஆகவே 3.10.6 என்றால் மூன்றாம் திருமுறை, பத்தாம் பதிகம், ஆறாம் பாடல். கடலை அணைகட்டி அடைத்து வழி செய்தவன், பத்து முடிகளை அறுத்த பழியைப் போக்கிக்கொண்ட இடம் இது என்று சம்பந்தர் சேதுவையும் கோயிலையும் சேர்த்துச் சொல்லும் பாடல் அது.

பன்னிரண்டு திருமுறைகளுள் முதல் ஏழு மட்டுமே தேவாரம். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை சம்பந்தருக்கும், நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை நாவுக்கரசருக்கும், ஏழாவது சுந்தரருக்கும் உரியவை. இப்பகுப்பை நினைவில் வைத்துக்கொண்டால் எண்ணின் முதல் உறுப்பைக் கண்டவுடனே பாடியவர் யார் என்பது தெரிந்துவிடும். 4.61 என்று தொடங்கும் குறிப்பைச் சம்பந்தர் பெயரில் யாரேனும் எழுதியிருந்தால், எண்ணோ பெயரோ ஏதோ ஒன்று தவறு என்று நூலைத் திறக்காமலே சொல்லிவிடலாம். சம்பந்தரின் முதல் திருமுறையில் 136 பதிகங்களும், இரண்டாவதில் 122 பதிகங்களும், மூன்றாவதில் 125 பதிகங்களும் உள்ளன. நாவுக்கரசரின் நான்காம் திருமுறையில் 113 பதிகங்களும், ஐந்தாவதில் 100 பதிகங்களும், ஆறாவதில் 99 பதிகங்களும் உள்ளன. இந்த எல்லைகளும் பிழையைக் கண்டுபிடிக்க உதவும், எடுத்துக்காட்டாக, 2.130 என்ற குறிப்பு இருக்க வழியே இல்லை.

இனி, பதிகங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதே தேடுவோர் பலரையும் திகைக்க வைக்கும் இடமாகும். சம்பந்தர் எந்த ஊருக்கு முதலில் சென்றார், அடுத்து எங்கே சென்றார் என்னும் வாழ்க்கை வரிசையிலோ, சோழநாட்டுத் தலங்கள் முதலில், பாண்டிநாட்டுத் தலங்கள் அடுத்து என்னும் நில வரிசையிலோ இந்நூல் அமைக்கப்படவில்லை. சம்பந்தர் திருமுறைகளின் வரிசை பண் வரிசை. பண் என்பது பழந்தமிழிசையில் ஒரு பாடலுக்கு உரிய சுர அமைப்பும் அதன் இயல்பும் ஆகும். இன்றைய கருநாடக இசையின் இராகத்தோடு அதை ஒப்பிடுவது வழக்கம். நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தொகுத்தபோது, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண்கள் வகுக்கப்பெற்றன என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. நூலின் கட்டமைப்பையே இசை அறிந்த ஒரு பெண்ணின் செவி தீர்மானித்தது என்று மரபு நினைவில் வைத்திருப்பது பெரிதும் போற்றத்தக்கது. ஓதுவதற்காக அமைந்த நூலுக்கு அதைவிடப் பொருத்தமான அடிப்படை வேறு இல்லை.

மூன்றாம் திருமுறை இவ்வகையில் காந்தாரபஞ்சமம், கொல்லி, கொல்லிக்கௌவாணம், கௌசிகம், பஞ்சமம், சாதாரி, பழம்பஞ்சுரம், புறநீர்மை, அந்தாளிக்குறிஞ்சி என ஒன்பது பண்களின் வரிசையில் செல்கிறது. இராமேச்சுரத்தின் முதற்பதிகம் காந்தாரபஞ்சமத்தில் அமைந்ததால் திருமுறையின் தொடக்கப் பகுதியில் பத்தாவதாக நிற்கிறது. இரண்டாவது பதிகம் பழம்பஞ்சுரத்தில் அமைந்ததால் திருமுறையின் இறுதிப் பகுதிக்குப் போய் நூற்றொன்றாவதாக நிற்கிறது. இடையே உள்ள இடைவெளிக்குக் காரணம் அவ்வளவே. காலமோ சிறப்போ காரணம் அல்ல. 3.10க்கு முன்னே நிற்பது சோழநாட்டுத் திருவீழிமிழலைப் பதிகம். பின்னே நிற்பது கிழக்குக் கடற்கரையை ஒட்டிய திருப்புனவாயில் பதிகம். 3.101க்கு முன்னே நிற்பதோ சீகாழிக்கு உரிய தோணிபுரப் பதிகம். இராமேச்சுரத்தின் அயலில் திருப்புனவாயில் இருப்பதைக் கண்டு, நூல் கடற்கரை வழியே செல்கிறது என்று ஒருவர் கருதினால் அடுத்த பக்கத்திலேயே ஏமாறுவார். அது பண்ணால் நேர்ந்த அண்மை. நிலத்தால் நேர்ந்தது அன்று.

ஒரு நுட்பம் மட்டும் இங்கே சொல்லத்தக்கது. முதல் திருமுறையின் முதற்பதிகம் சம்பந்தர் சீகாழியில் குழந்தையாய்ப் பாடிய முதற்பதிகம். மூன்றாம் திருமுறையின் இறுதிப் பதிகமாகிய 3.125 அவர் திருமணத்தன்று நல்லூர்ப் பெருமணத்தில் பாடியது. ஆக, தொடக்கமும் முடிவும் வாழ்க்கையோடு ஒத்திருக்க, இடைப்பட்டவை பண்ணின் வழியே செல்கின்றன. முதலையும் முடிவையும் மட்டும் பார்த்தவர்கள் நூல் முழுதும் வாழ்க்கை வரிசை என்று எண்ணிவிடுவது இதனால்தான்.

பண் வரிசையின் விளைவை இக்கடற்கரையின் வேறொரு செய்தி நன்றாகக் காட்டும். சம்பந்தர் இராமேச்சுரத்தில் தங்கியிருந்தபோதே, கடலுக்கு அப்பால் ஈழத்தில் உள்ள திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைந்து பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்த வரலாற்றின்படி பார்த்தால் இராமேச்சுரப் பதிகங்களும் ஈழத்துப் பதிகங்களும் ஒரே பயணத்தில் ஒரே கரையில் நின்று பாடப்பெற்றவை. ஆனால் திருமுறையில் திருக்கோணமலைப் பதிகம் புறநீர்மைப் பண்ணில் 3.123 ஆக நிற்கிறது. திருக்கேதீச்சரப் பதிகம் நட்டராகத்தில் அமைந்ததால் இரண்டாம் திருமுறைக்கே போய் 2.107 ஆக நிற்கிறது. இராமநாதபுர மாவட்டத்தின் மற்றொரு பாடல்பெற்ற தலமாகிய திருவாடானையின் பதிகமும் அதே நட்டராகத்தில் 2.112 ஆக இருக்கிறது. ஒரு பயணத்தின் பாடல்களை ஒருங்கே படிக்க விரும்புவோர் இரண்டு திருமுறைகளின் நான்கைந்து இடங்களைப் புரட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

நாவுக்கரசரின் திருமுறைகளில் வரிசைக்கு அடிப்படை சிறிது மாறுகிறது. நான்காம் திருமுறையின் தொடக்கத்தில் பண் அமைந்த பதிகங்கள் நிற்கின்றன. அவற்றை அடுத்துத் திருநேரிசையும், அதனை அடுத்துத் திருவிருத்தமும் வருகின்றன. நேரிசை, விருத்தம் என்பவை இங்கே யாப்பு வகையால் பெற்ற பெயர்கள். ஐந்தாம் திருமுறை முழுதும் திருக்குறுந்தொகை. ஆறாம் திருமுறை முழுதும் திருத்தாண்டகம். இவையும் யாப்பு வகைகளே. இராமேச்சுரப் பதிகம் திருநேரிசை யாப்பில் அமைந்ததால் நான்காம் திருமுறையின் நேரிசைப் பகுதிக்குள் 61ஆம் இடத்தில் நிற்கிறது. ஒரு நாவுக்கரசர் பாடலைக் கேட்கும்போது அதன் நடை தாண்டகம் என்று ஓதுவார் வாயிலாகவோ ஓசையாலோ தெரிந்துவிட்டால், ஆறாம் திருமுறையைத் தவிர மற்ற எதையும் திறக்க வேண்டியதில்லை.

பண் வரிசைக்கு மாற்றாக மற்றொரு வரிசையும் வழக்கில் உள்ளது. அதற்குத் தலமுறை என்று பெயர். தலமுறைப் பதிப்பில் தலங்கள் நாடு நாடாக அடுக்கப்பெற்று, ஒவ்வொரு தலத்தின்கீழும் அத்தலத்துக்குரிய பதிகங்கள் ஒருங்கே தரப்படும். சிதம்பரத்தைக் குறிக்கும் ‘கோயில்’ முதலில் நிற்க, காவிரியின் வடகரை, தென்கரைத் தலங்களும், அடுத்து ஈழநாட்டுத் தலங்கள் இரண்டும், அடுத்துப் பாண்டிநாட்டுத் தலங்கள் பதினான்கும் வருவது அந்த மரபு. பாண்டிநாட்டு வரிசை மதுரையில் தொடங்கித் திருநெல்வேலியில் முடியும். அவ்வரிசையில் திருப்புனவாயில், இராமேச்சுரம், திருவாடானை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்பதையும், அவற்றுக்குச் சற்று முன்னரே கோணமலையும் கேதீச்சரமும் வந்துவிடுவதையும் காணலாம். பண்முறையில் சிதறிக் கிடந்த கடற்கரை இங்கே மீண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. ஒரு தலத்தைப் பற்றிப் படிப்போருக்குத் தலமுறையும், ஓதுவோருக்குப் பண்முறையும் உகந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் குறிப்பு எழுதும்போது பண்முறை எண்ணையே தருவது நன்று. ஏனெனில் பரவலாக வழங்குவது அந்த எண்ணே.

கையில் இருப்பது எந்த வகைப் பதிப்பு என்பதை அறிய நீண்ட ஆராய்ச்சி வேண்டா. சம்பந்தர் பகுதியின் முதற்பதிகம் எந்த ஊருக்கு உரியது என்று பார்த்தால் போதும். பிரமபுரமாகிய சீகாழி என்றால் பண்முறை. கோயிலாகிய சிதம்பரம் என்றால் தலமுறை. தலமுறைப் பதிப்பில் 3.10 என்னும் எண்ணைக் கொண்டு பக்கத்தைப் புரட்டினால் பயன் இராது. அங்கே பொருளடக்கத்தில் தலத்தின் பெயரைத்தான் தேட வேண்டும்.

தலப்பெயரைத் தேடும்போதும் ஒரு தடை உண்டு. பதிகத்தில் வழங்கும் பெயர் இராமேச்சுரம்; ஊரின் இன்றைய பெயரைச் சிலர் இராமேசுவரம் என்றும் சிலர் ராமேஸ்வரம் என்றும் எழுதுகின்றனர்; தலப்பெயருக்கு முன்னே ‘திரு’ சேர்த்து எழுதும் பதிப்புகளும் உண்டு. ஆகவே அகரவரிசையில் இப்பெயர் இகரத்தின்கீழ் இருக்கலாம், தகரத்தின்கீழும் இருக்கலாம். கணினியில் எழுத்தைத் தட்டித் தேடுவோருக்கு இன்னொரு தடை கூடுகிறது. யாப்பின் சீர்களுக்கு ஏற்பச் சொற்களைப் பிரித்து அச்சிடும் வழக்கம் இருப்பதால், ஒரு சொல்லின் முற்பாதி ஒரு சீரிலும் பிற்பாதி அடுத்த சீரிலும் நிற்க, நடுவே இடைவெளி விழுந்துவிடுகிறது. முழுச்சொல்லைத் தேடும் கருவி அப்பாடலைக் காணாமல் கடந்துவிடும். ‘மேச்சுர’ என்பது போன்ற இடைத்துண்டு ஒன்றைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் பதிகத் தலைப்பில் தேடுவதே வழி.

பதிகத்தை அடைந்த பிறகு பாடலைக் கண்டெடுப்பது எப்படி என்பது அடுத்த கேள்வி. இங்கே சம்பந்தர் பெரிய உதவி செய்திருக்கிறார். அவருடைய பதிகங்களில் பொதுவாக எட்டாம் பாடல், கயிலை மலையை எடுக்க முயன்று இறைவனின் விரலால் நெரிபட்ட இராவணனைப் பற்றியதாக இருக்கும். ஒன்பதாம் பாடல், அடிமுடி தேடிக் காணாத திருமாலையும் நான்முகனையும் பற்றியதாக இருக்கும். பத்தாம் பாடல் சமணரையும் பௌத்தரையும் மறுத்துரைக்கும். பதினொன்றாம் பாடல் திருக்கடைக்காப்பு. பாடியவர் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, பதிகத்தை ஓதுவோர் பெறும் பயனைக் கூறி முடிக்கும் பாடல் அது. ஆகவே ஒரு பாடலின் பொருள் தெரிந்தால் அதன் எண்ணையும் ஏறத்தாழச் சொல்லிவிடலாம். கடைக்காப்பில் சீகாழியின் பன்னிரு பெயர்களுள் ஒன்றாகிய புகலி, சண்பை, கழுமலம் போன்ற பெயர் வந்தால் பாடியவர் சம்பந்தர் என்றும், ஆரூரன் அல்லது ஊரன் என்று வந்தால் சுந்தரர் என்றும் அறியலாம். நாவுக்கரசர் தம் பெயரை இவ்வாறு அமைப்பதில்லை. அவர் பதிகங்களின் இறுதிப் பாடலில் கயிலையை எடுத்த இராவணன் செய்தி வருவது பெருவழக்கு.

இந்த அடையாளங்கள் எந்த ஊரில் எளிதாகப் பயன்பட்டாலும் இராமேச்சுரத்தில் தடுமாற வைக்கும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இராவணனைக் கொன்ற பழி நீங்க இராமன் எடுத்த கோயில் என்பதே இத்தலத்தின் வரலாறு ஆதலால், இங்கே இராவணன் எட்டாம் பாடலுக்காகக் காத்திருப்பதில்லை. 3.10இல் இரண்டாம் பாடலிலேயே சீதையைக் கவர்ந்த தென்னிலங்கை வேந்தனாக அவன் வந்துவிடுகிறான். மூன்றாம் பாடலில் வைதேகியை மாயத்தால் காட்டிலிருந்து கொண்டுசென்றவனாகவும், நான்காம் பாடலில் வேட்கையால் மலையன்ன தோள்களை இழந்தவனாகவும், ஆறாம் பாடலில் பத்து முடிகள் அறுபட்டவனாகவும் வருகிறான். ‘இராவணன் வருகிறான், ஆகவே எட்டாம் பாடல்’ என்று முடிவு செய்பவர் இவ்வூர்ப் பதிகத்தில் பலமுறை தவறுவார். வேறுபாட்டை அறிய ஒரே வழி, அவன் எந்தச் செயலுக்காக நினைக்கப்படுகிறான் என்று பார்ப்பதே. சீதையும் வில்லும் கடலணையும் வந்தால் அது தலவரலாறு. கயிலை மலையும் இறைவன் அவனை அடர்த்துப் பின் அருளியதும் வந்தால் அதுவே எட்டாம் பாடல்.

அதே பதிகத்தில் இன்னொரு மாற்றமும் உண்டு. கயிலையை எடுத்த இராவணனும், தேடி நின்ற அயனும் மாலும் இங்கே எட்டாம் பாடல் ஒன்றிலேயே சேர்ந்து வருகின்றனர். அதனால் சமண பௌத்தரைப் பற்றிய பாடல் ஒன்பதாவதாகவும், கடைக்காப்பு பத்தாவதாகவும் முன்னே வந்துவிடுகின்றன. பதினொன்றாம் பாடலைத் தேடி, அது அச்சில் விடுபட்டதென்று கருதிப் பதிப்பைக் குறைகூற வேண்டியதில்லை. பதிகத்தின் கடைசிப் பாடலில் ஞானசம்பந்தன் என்னும் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் அது நிறைவுற்றதா என்பது தெரிந்துவிடும். சில பதிகங்களில் ஏடுகள் சிதைந்து இடைப்பாடல்கள் கிடைக்காமல் போனதும் உண்டு. அவ்விடங்களில் நல்ல பதிப்புகள் அப்பாடலின் எண்ணை நிறுத்தி, பாடல் கிடைக்கவில்லை என்று குறித்துவிடுகின்றன. அப்படிக் குறிக்காமல் எண்களை நெருக்கி அச்சிட்ட பதிப்பைக் கொண்டு பாடலெண் எழுதினால், அது வேறு பதிப்போடு ஒன்றோ இரண்டோ மாறுபடும்.

நாவுக்கரசரின் 4.61இலும் இதே நிலைதான். பதிகத்தின் முதற்பாடலிலிருந்தே அரக்கரை அழித்துத் திருமால் செய்த கோயில் என்னும் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே இராவணன் செய்தியை வைத்து இறுதிப் பாடலை அடையாளம் காண்பது இங்கே பயன்படாது. பதிகத்தை எண்ணி வருவதே தகும். மாறாக, 3.10இன் முதற்பாடலும் 3.101இன் முதற்பாடலும் கரையின் இயற்கையால் எளிதில் வேறுபடுத்தப்படுகின்றன. முன்னதில் கடற்கானலில் தாழைகள் செறிந்து வளர்கின்றன. பின்னதில் அதே கானலில் முத்துகள் ஒளிவிடுகின்றன. மன்னார்க் கடலின் முத்துக் குளிப்பை அறிந்த இப்பகுதி மக்களுக்கு இவ்விரு பதிகங்களையும் நினைவில் பிரித்து வைத்துக்கொள்ள இதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

எண்களை எழுதுவதில் நேரும் பிழைகளுள் மிகப் பரவலானது புள்ளியைத் தசமப் புள்ளியாகக் கொள்வது. 3.10 என்பதும் 3.1 என்பதும் கணக்கில் ஒன்றே; திருமுறையில் ஒன்றல்ல. 3.1 கோயில் என்னும் சிதம்பரப் பதிகம். கணினியில் அட்டவணை தயாரிப்போர் 3.10 என்று தட்டினால், கருவி அதனை எண்ணாகக் கொண்டு இறுதியில் உள்ள சுழியை நீக்கிவிடுவதுண்டு. அந்த அட்டவணையை நம்பித் தேடுபவர் சேதுக்கரைக்குப் பதிலாகத் தில்லைக்குப் போய்ச் சேர்வார். பதிகத்தின் பாடல்களில் தேடிய ஊரின் பெயர் வருகிறதா என்று பார்ப்பதே இதற்கு உரிய சோதனை. இராமேச்சுரப் பதிகங்களில் ஊர்ப்பெயர் பாடல்தோறும் வந்துகொண்டே இருக்கும். அட்டவணை தயாரிப்போர் அந்தப் பத்தியை எழுத்து வடிவம் என்று முன்னரே அமைத்துவிட்டால் இப்பிழை நேராது.

இரண்டாவது பிழை தொடரெண்ணால் வருவது. திருமுறைதோறும் பதிகங்களைப் புதிதாக எண்ணாமல், சம்பந்தர் பதிகங்கள் முழுவதற்கும் ஒரே தொடரெண் தரும் பதிப்பு ஒன்று கையில் இருக்குமானால், அதில் இராமேச்சுர முதற்பதிகத்தின் எண் பத்தாக இராது. முதல் இரு திருமுறைகளின் பதிகங்களாகிய 136ஐயும் 122ஐயும் கூட்டினால் 258. அதனோடு பத்தைக் கூட்டினால் 268. அதே கணக்கில் 3.101 என்பது 359 ஆகும். புள்ளியில்லாமல் மூன்று இலக்கத்தில் ஒரு பதிக எண் தரப்பட்டிருந்தால் முதலில் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று. 136க்குள் இருந்தால் முதல் திருமுறை. 258க்குள் இருந்தால் 136ஐக் கழித்து வருவது இரண்டாம் திருமுறையின் எண். அதற்கு மேல் இருந்தால் 258ஐக் கழித்து வருவது மூன்றாம் திருமுறையின் எண். மொத்தம் 383 என்றும் 384 என்றும் இருவேறாகச் சொல்லப்படுவதற்குக் காரணம், திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பெற்ற பதிகம் ஒன்று பிற்சேர்க்கையாகச் சேர்வதே. அது இறுதியில் சேர்ந்தமையால் மற்ற எண்கள் எதுவும் மாறவில்லை.

தேவாரத்துக்கு அப்பால் இக்கடற்கரையைத் தேடுவோருக்கு எட்டாம் திருமுறையும் பன்னிரண்டாம் திருமுறையும் வேண்டியிருக்கும். இராமநாதபுரத்துக்கு அருகில் உள்ள உத்தரகோசமங்கையின் பெயரைத் தேவாரப் பாடல்பெற்ற தலங்களின் வரிசையில் தேடினால் கிடைக்காது. அதன் பெருமை திருவாசகத்தில் உள்ளது. மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பம் அத்தலத்தில் அருளப்பெற்றது. திருவாசகம் 51 பகுதிகள் கொண்டது. நீத்தல் விண்ணப்பம் அவற்றுள் ஆறாவது. ஐம்பது பாடல்கள் உடையது. ஆனால் எட்டாம் திருமுறைக்குள் திருவாசகத்தோடு திருக்கோவையாரும் அடங்கியிருப்பதால், 8.6 என்று மட்டும் எழுதினால் எந்த நூலின் ஆறாவது பகுதி என்பது விளங்காது. அதனால்தான் 8.106 என்பது போல நூலுக்கு ஓர் இலக்கம் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. அங்கே நூறு என்னும் இடத்தில் உள்ள ஒன்று திருவாசகத்தையும், இரண்டு என்றால் திருக்கோவையாரையும் குறிக்கும். எழுதும்போது ‘திருவாசகம், நீத்தல் விண்ணப்பம், இத்தனையாவது பாடல்’ என்று பெயராலேயே குறித்துவிடுவது இன்னும் தெளிவானது.

பெரியபுராணத்தின் கட்டமைப்பு இவற்றினின்றும் வேறானது. அது இரண்டு காண்டங்களாகவும் பதின்மூன்று சருக்கங்களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. முதலும் முடிவுமாகிய திருமலைச் சருக்கமும் வெள்ளானைச் சருக்கமும் நீங்கலாக இடைப்பட்ட பதினொன்றுக்கும் பெயர்கள் சுந்தரரின் திருத்தொண்டத் தொகைப் பாடல்களின் முதற்சொற்களால் அமைந்தவை, அத்தொகை 7.39ஆம் பதிகம். சம்பந்தரின் வரலாறு ஆறாவதாகிய வம்பறா வரிவண்டுச் சருக்கத்தில் வருகிறது. சருக்கத்துக்குள் ஒவ்வொரு நாயனாருக்கும் ஒரு புராணமும், புராணத்துக்குள் பாடல் எண்ணும் உண்டு. சம்பந்தர் புராணம் மட்டுமே ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்டதாதலால், இராமேச்சுரத்தில் தங்கி ஈழத்துத் தலங்களைப் பாடிய இடத்தைப் புராணத்தின் பெயரை மட்டும் கொண்டு தேடுவது கடினம். மதுரையில் பாண்டியனைச் சைவத்துக்கு மீட்ட நிகழ்ச்சிகள் முடிந்தபின், பாண்டிநாட்டுத் தலங்களை வழிபட்டுச் செல்லும் பகுதியில் அதைக் காணலாம். வாழ்க்கை வரிசையில் செல்லும் நூல் இது என்பதால், பண் வரிசையில் சிதறிய பதிகங்களை மீண்டும் நிகழ்ச்சி வரிசையில் கோத்துக்கொள்ள இதுவே துணை. நல்ல உரைப்பதிப்புகள் சேக்கிழார் குறிப்பிடும் இடத்திலேயே உரிய பதிகத்தின் திருமுறை எண்ணையும் அடிக்குறிப்பாகத் தருகின்றன. அதனால் இந்நூலைத் தேவாரத்துக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலாகவும் பயன்படுத்தலாம்.

இதே கரையில் வைணவர் போற்றும் திருப்புல்லாணி உள்ளது. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் அத்தலத்துக்குரியவை 9.3, 9.4 என்னும் இரண்டு திருமொழிகள். எண்ணின் தோற்றம் தேவாரத்தைப் போன்றே இருந்தாலும் உறுப்புகள் வேறு. இங்கே முதல் எண் பத்து எனப்படும் பகுப்பையும், இரண்டாவது எண் அப்பத்துக்குள் அடங்கிய திருமொழியையும், மூன்றாவது எண் பாசுரத்தையும் குறிக்கும்; நூலின் பெயர் இந்த எண்ணுக்குள் இல்லாததால் அதைத் தனியே எழுதியாக வேண்டும். 9.3.1 என்று மட்டும் எழுதினால் அது நம்மாழ்வாரின் திருவாய்மொழியையும் குறிக்கக்கூடும். அந்நூலும் பத்துப் பத்தாகவே பகுக்கப்பட்டது. நாலாயிரம் முழுவதற்கும் தொடரெண்ணும் உண்டு. பெரிய திருமொழியின் முதற்பாசுரம் 948 என்று எண்ணப்படுகிறது. ஆனால் சிறிய திருமடலையும் பெரிய திருமடலையும் ஒவ்வொன்றும் ஒரே பாட்டாகக் கொள்வதா, பல பாட்டுகளாகக் கொள்வதா என்பதில் பதிப்புகள் வேறுபடுவதால், மடல்களுக்குப் பின்வரும் தொடரெண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பெரிய திருமொழி மடல்களுக்கு முன்னே நிற்பதால் திருப்புல்லாணிப் பாசுரங்களின் எண் இதனால் பாதிக்கப்படுவதில்லை. திருவாய்மொழியைத் தொடரெண்ணால் தேடுவோரே முதலில் பதிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள்.